பில்லில் புது பேட், சக்கரத்தில் பழைய பேட்

காரில் ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தது. சர்வீஸ் முடித்து எட்டு நாள்தான் ஆகிறது. அந்த பில்லில் ஏசி ஃபில்டர் மாற்றியதாக 640 ரூபாய் போட்டிருந்தார்கள். சந்தேகத்தோடு முன் சீட் குளோவ் பாக்ஸை இறக்கி, பின்னாலிருக்கும் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினேன். மடிப்புக்கு மடிப்பு தூசி. அந்தத் தூசிக்குள் காய்ந்து சருகான புங்கம் பூக்கள். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புங்க மரம் சித்திரை, வைகாசியில்தான் பூவைக் கொட்டும். சர்வீஸ் நடந்ததோ நவம்பர் 14. கோடையில் விழுந்த பூ நவம்பரில் மாட்டிய ஃபில்டருக்குள் எப்படி வந்தது?

வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு கணம் வந்திருக்கும். பெரும்பாலும் அடுத்து நடப்பது இரண்டில் ஒன்று. ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். அல்லது நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கத்திவிட்டு வருகிறோம். இரண்டாலும் பணம் திரும்புவதில்லை. திரும்ப வைப்பது ஒரு கடிதம். அந்தக் கடிதத்திலும் வேலை செய்யும் வரி ஒன்றுதான்: ‘என் முன்னிலையில் வண்டியைப் பரிசோதியுங்கள்’ என்பது. அது ஏன் என்பதை என் வண்டியை வைத்தே சொல்கிறேன்.

ஃபில்டரைப் பார்த்த அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அதைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் அப்படியே திரும்ப மாட்டியதுதான். பிறகு செல்போனில் வீடியோ எடுத்தேன். முதலில் நம்பர் பிளேட், அங்கிருந்து கேமராவை நிறுத்தாமல் டாஷ்போர்டில் ஓடிய கிலோமீட்டர், பிறகு குளோவ் பாக்ஸ், ஃபில்டரை உருவுவது, அதன் ஓரத்தில் அச்சிட்ட பார்ட் நம்பர், மறுபடி உள்ளே செருகுவது. நடுவில் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுப்பது முக்கியம். தனித்தனிப் படமாக இருந்தால், ‘இது எந்த வண்டி ஃபில்டரோ’ என்று சொல்லிவிட இடமிருக்கிறது.

ஒன்று இப்படியென்றால் மற்றவை? பில்லை எடுத்து மறுபடி படித்தேன். 40,000 கி.மீ. சர்வீஸ். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக் நான்கு, முன் சக்கர பிரேக் பேட் ஒரு செட். பேடுக்கு 2,450 ரூபாய், அதை மாட்டிய கூலி 650. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தளர்த்திப் பார்த்தேன். உள்ளே இருந்தது புதுசுதான். பிரேக் பேடை அலாய் வீலின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். பளபளவென்ற வட்டத் தட்டை இருபுறமும் கவ்விக்கொண்டிருப்பதுதான் பேட். வெளிப்பக்கப் பேடின் விளிம்பு மட்டும் கண்ணில் படும். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொருளின் கனத்தைத்தான் பார்க்க வேண்டும். சிறிய கார்களில் புதுப் பேடுக்கு இந்தக் கனம் சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றியாக வேண்டும். என் கண்ணுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் தெரியவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இந்த வண்டியோடு வந்த பேட் 40,000 கி.மீ. ஓடி 6 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்றால், ஒரு மில்லிமீட்டர் தேய 6,500 கி.மீ.க்கு மேல் ஆகிறது. ஜாப் கார்டில் எழுதியிருந்த கி.மீ. 40,112. நான் பார்த்தபோது 40,424. இடையில் ஓடியது 312 கி.மீ. புதுப் பேட் மாட்டியிருந்தால் அதில் 0.05 மி.மீ. கூடத் தேய்ந்திருக்காது. ஓட்டுகிறவர் எவ்வளவு முரட்டுத்தனமாக பிரேக் பிடித்தாலும் 312 கி.மீ.யில் ஆறு மில்லிமீட்டர் போகாது. இந்தக் கணக்கு வலுவாக இருப்பதற்குக் காரணம் நான் சீக்கிரம் பார்த்தது மட்டுமே. இதே பேடை ஆறு மாதம் கழித்து, 6,000 கி.மீ. ஓடிய பிறகு காட்டியிருந்தால், ‘நீங்க ஓட்டுற ஓட்டுக்குத் தேயத்தான் செய்யும்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

ஆகவே எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பேட், ஃபில்டர், பிளக், வைப்பர், பேட்டரி போன்றவை வண்டியில் இருப்பவை; கழற்றிக் காட்டலாம், அளக்கலாம், நம்பர் படிக்கலாம். இன்ஜின் ஆயில் அப்படியல்ல. நல்ல ஆயிலும் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்து ‘பாருங்கள் கறுப்பு’ என்பது சாட்சியாகாது. ஆயிலில் கேள்வி கேட்கலாம் என்றால் அளவில்தான் கேட்கலாம். உங்கள் இன்ஜினுக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பில் அதைவிடத் தெளிவாக அதிகம் காட்டினால் அது பேச வேண்டிய விஷயம். ‘த்ராட்டில் பாடி கிளீனிங்’, ‘ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன்’ என்று வரும் வேலைகளைச் செய்தார்களா இல்லையா என்று பின்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடிதத்தில் இவற்றையும் சேர்த்தால், அவர்கள் நிரூபிக்க முடியாத இந்தப் புகார்களைப் பிடித்துக்கொண்டு, நிரூபிக்கக் கூடியதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். நான் மூன்றே மூன்றை எழுதினேன்: ஏசி ஃபில்டர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக். பிளக்கை நான் கழற்றவில்லை. மற்ற இரண்டும் இப்படி இருக்கவே அதிலும் சந்தேகம், அவ்வளவுதான்.

கடிதத்துக்கு முன் ஒரு போன் செய்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. சர்வீஸ் அட்வைசர் நல்ல பையன்தான். “சார், ஏதோ மிஸ்ஸாயிருக்கும் சார். நாளைக்கு டிரைவரை அனுப்புறேன், வண்டியைக் குடுத்துவிடுங்க, எல்லாத்தையும் ஃப்ரீயா மாத்திக் குடுத்துடறோம்” என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. யோசித்தால் ‘ஃப்ரீ’ என்ற சொல்லில்தான் சிக்கல். பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதில் இலவசம் என்ன இருக்கிறது? அதைவிடப் பெரிய சிக்கல், வண்டி நான் இல்லாமல் உள்ளே போய்ப் புதுப் பேடோடு வெளியே வந்தால், பழைய பேட் இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சாது. பிறகு, ‘நவம்பர் 14 அன்றே மாத்தினோம், இதோ பாருங்க புதுசா இருக்கு’ என்றால் நான் என்ன சொல்வது? “டிரைவரை அனுப்ப வேண்டாம் தம்பி, மெயில் அனுப்புறேன்” என்று வைத்துவிட்டேன்.

இதே காரணத்துக்காகத்தான் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்தும் கழற்றிப் பார்க்கக் கூடாது. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் சக்கரத்தை ஒருமுறை வெளியே கழற்றிவிட்டால், ‘புதுசை அங்கே உருவிட்டு பழசை மாட்டியிருப்பாங்க’ என்று சொல்ல வழி பிறந்துவிடும்.

நான் அனுப்பிய கடிதம் இது. வண்டி எண், ஜாப் கார்டு எண், பில் எண் மூன்றும் தலைப்பில் இருந்தன.

“சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: பில்லில் மாற்றியதாகக் காட்டிய பாகங்கள் வண்டியில் மாற்றப்படாதது, என் முன்னிலையில் பரிசோதிக்கக் கோருதல்.

ஐயா, மேற்கண்ட வண்டி 14.11.2025 அன்று 40,112 கி.மீ.யில் தங்களிடம் 40,000 கி.மீ. சர்வீஸ் செய்யப்பட்டது. பில்லில் ஏசி ஃபில்டர் (ரூ.640), முன் பிரேக் பேட் செட் (ரூ.2,450), பேட் மாற்றிய கூலி (ரூ.650), ஸ்பார்க் பிளக் நான்கு (ரூ.1,640) ஆகியவை வரியுடன் வசூலிக்கப்பட்டுள்ளன.

22.11.2025 அன்று 40,424 கி.மீ.யில் பார்த்தபோது ஏசி ஃபில்டர் பழையதாக இருந்தது. முன் பிரேக் பேட் வெளியிலிருந்து பார்க்கும்போதே சுமார் 4 மி.மீ. கனம் மட்டுமே தெரிகிறது. ஸ்பார்க் பிளக்கை நான் கழற்றவில்லை. அதையும் சரிபார்க்க விரும்புகிறேன். வீடியோ இணைத்துள்ளேன். இதற்குப் பின் வண்டியை வேறு எங்கும் திறக்கவில்லை.

கோருவது: 1. ஏழு நாட்களுக்குள் ஒரு தேதி குறித்து, என் முன்னிலையில் மேற்கண்ட பாகங்களைக் கழற்றி, அளந்து, பார்ட் நம்பரோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். 2. இந்த ஜாப் கார்டுக்கு ஸ்டோரிலிருந்து பாகங்கள் வழங்கிய பதிவின் நகல் தர வேண்டும். 3. மாற்றப்படாதவை எவையோ அவற்றின் தொகையைக் கூலி, வரியுடன் திருப்பி, கிரெடிட் நோட் தர வேண்டும். 4. வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் உள்ள தவறான பதிவைத் திருத்த வேண்டும்.

பரிசோதனை முடியும் வரை எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.”

மெயிலில் சர்வீஸ் மேலாளருக்கும், நகலாக வண்டி தயாரிக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்பினேன். அதே கடிதத்தை அச்சிட்டு ஸ்பீட் போஸ்டிலும் போட்டேன்.

கடிதத்தில் ‘திருட்டு’, ‘மோசடி’ என்ற சொற்கள் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மரியாதைக்காக மட்டும் விட்டதல்ல. பில்லில் ஏறிய பாகம் வண்டியில் ஏறாமல் போக மூன்று வழியாவது உண்டு. சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் ‘40,000 கி.மீ. பேக்கேஜ்’ என்று தட்டினால் அதற்கான பாகங்கள் மொத்தமாக ஜாப் கார்டில் வந்து விழும் முறை உண்டு. ஸ்டோரிலிருந்து ஒன்று வராமலே பில் ஆகிவிடலாம். ஸ்டோரிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் சாயங்காலத்துக்குள் ஏழெட்டு வண்டி முடிக்க வேண்டிய டெக்னீஷியன் மாட்டாமல் விட்டிருக்கலாம். அல்லது என் பெயரில் வாங்கிய பாகம் வேறெங்கோ போயிருக்கலாம். இதில் எது என்று கண்டுபிடிப்பது என் வேலையல்ல. பணம் வாங்கினீர்கள், பாகம் இல்லை என்பதோடு என் பக்கம் முடிகிறது. அதற்கு மேல் ஒரு குற்றச்சாட்டை எழுதினால் அதை நிரூபிக்கும் சுமையும் என் தலையில் ஏறும்.

இரண்டாவது கோரிக்கையான ஸ்டோர் பதிவுதான் அவர்களைக் கொஞ்சம் அசைத்தது என்று நினைக்கிறேன். எந்த ஜாப் கார்டுக்கு எந்தப் பாகம், எத்தனை மணிக்கு, யார் கையில் போனது என்பது அவர்களிடம் பதிவாகும். வெளியாள் அதைக் கேட்பது அபூர்வம்.

29-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போனேன். இடைப்பட்ட வாரம் வண்டியை வெளியே எடுக்கவில்லை. ஆபீஸுக்கு டவுன் பஸ்தான். சாவியை யாரிடமும் கொடுக்காமல் நானே லிஃப்ட் வரை ஓட்டிப் போய் நிறுத்தினேன். முதலில் கி.மீ. படம். பிறகு இடது முன் சக்கரம் கழன்றது. டெக்னீஷியன் வெர்னியரை வைத்து அளந்தார். வெளிப் பேட் 4.2 மி.மீ., உள் பேட் 3.8. வலது பக்கமும் ஏறக்குறைய அதேதான். மேலாளர் ஒரு புதுப் பேடைப் பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லி, பழையதன் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

ஏசி ஃபில்டர் வெளியே வந்தது, புங்கம் பூவோடு. அதைப் பார்த்துச் சிரித்தவர் டெக்னீஷியன் ஒருவர்தான்.

ஸ்பார்க் பிளக்கில் நான் தோற்றேன். நான்கையும் கழற்றினார்கள். நடு முனை கூர்மை மழுங்காமல், பீங்கான் பகுதி கிட்டத்தட்ட வெள்ளையாக, நம்பர் பளிச்சென்று இருந்தது. 40,000 கி.மீ. ஓடிய பிளக் அப்படி இருக்காது. மாற்றித்தான் இருக்கிறார்கள். அறிக்கையில் ‘பிளக் நான்கும் புதியவை’ என்று எழுதச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். ‘மாற்றவில்லை’ என்று அடித்துச் சொல்லாமல், ‘கழற்றவில்லை, சரிபார்க்க விரும்புகிறேன்’ என்று கடிதத்தில் எழுதியிருந்தது அப்போது கைகொடுத்தது. இல்லையென்றால் அந்த ஒரு தவறை வைத்து மற்ற இரண்டையும் ஆட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஸ்டோர் பதிவில் ஏசி ஃபில்டர் என் ஜாப் கார்டுக்கு வழங்கப்படவே இல்லை. பேட் வழங்கப்பட்டிருந்தது, கையெழுத்தும் இருந்தது. அது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

திருப்ப வேண்டிய தொகை: ஃபில்டர் 640, பேட் 2,450, கூலி 650. ஆக 3,740. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 673 ரூபாய் 20 காசு. மொத்தம் 4,413 ரூபாய் 20 காசு. கவுண்டரில் ரொக்கமாகத் தர முன்வந்தார்கள். நான் கிரெடிட் நோட் கேட்டேன். விற்காத பொருளுக்கு வரியோடு பில் போட்டுவிட்டால், அதைத் திருத்த ஜிஎஸ்டி சட்டத்தில் இருக்கும் முறையான வழி கிரெடிட் நோட்தான். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தால் பில் அப்படியே நிற்கும். ஏன் பணம் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் இருக்காது.

நான்காவது கோரிக்கையைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. சர்வீஸ் வரலாற்றில் ‘40,112 கி.மீ.யில் முன் பேட் மாற்றப்பட்டது’ என்று இருந்தால், 50,000 கி.மீ. சர்வீஸில் அதைப் பார்க்கிறவர் ‘போன தடவைதானே மாத்தியிருக்கு’ என்று சக்கரத்தைத் தொடாமலே விட்டுவிட வாய்ப்பு உண்டு. 3.8 மி.மீ. பேட் இன்னும் 10,000 கி.மீ. ஓடினால் என்னவாகும் என்று மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஃபில்டர் மாற்றாததால் வருவது வாடை. பிரேக் விஷயம் அப்படியில்லை.

எனக்குப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். மறுத்தால் என்ன செய்வது? கடிதத்தில் சொன்ன ஏழு நாள் கழிந்ததும், அதே நிறுவனத்தின் வேறொரு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போய், சோதனைக்கு மட்டும் என்று ஜாப் கார்டு போட்டு, அளவுகளை எழுத்தில் வாங்கலாம். மோட்டார் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர்கள், ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சிலரும் கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தருவார்கள். முதல் இடத்தைக் கேட்டு, அவர்கள் மறுத்த பிறகு வெளியே காட்டியிருக்கிறீர்கள் என்பது அப்போது உங்கள் பக்கத்துக்குப் பலம்.

அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். சர்வீஸ் சென்டர் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. இதுபோன்ற சிறு பில்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. நிபுணர் ஒருவரைக் கொண்டு வண்டியைப் பார்க்கச் சொல்லி ஆணையத்திடமே கேட்கலாம். ஆனால் நடைமுறையில், ஆணையம் உங்கள் மனுவை எடுக்கும்போது வண்டி எத்தனையோ ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கும். அங்கே பேசப்போவது நீங்கள் முதல் வாரத்தில் எடுத்த வீடியோவும், அனுப்பிய கடிதமும், பில்லும்தான்.

அடுத்த சர்வீஸுக்கு விடும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாற்றும் பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் சாயங்காலம் ‘ஸ்கிராப்ல போட்டுட்டோம் சார்’ என்பார்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றிய பாகத்தை நிறுவனம் திரும்பக் கேட்கும், அது வேறு விஷயம். காசு கொடுத்து மாற்றியதன் பழசு உங்களுடையது. வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷை எடுத்து ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் ஓரங்களில் ஒரு பொட்டு வையுங்கள். வண்டி திரும்பி வந்ததும், கேட் பாஸ் வாங்குவதற்கு முன்பே குளோவ் பாக்ஸைத் திறந்து பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

மனுப் போடச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. பிரேக் பேட் உங்களுக்கு அவ்வளவு அவகாசம் தராது. சந்தேகம் வந்தால் அன்றைக்கே கிலோமீட்டரைப் படம் எடுத்து, அன்று இரவே மெயிலை அனுப்பிவிடுங்கள்.